வெங்காய வியாபாரிக்கு உத்தேச வரியா, முழுக் கணக்கா?

பெரம்பலூர் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் வாங்கிச் சென்னைக்கு அனுப்பும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 1.8 கோடி ரூபாய். அதில் 1.2 கோடி ரொக்கம், 60 லட்சம் வங்கி வழியாக. வேறு வருமானம் இல்லை.

44ஏடி பிரிவின் உத்தேச வரி முறையில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வரவுக்கு 6 சதவீதம் லாபம் எனக் காட்ட வேண்டும். மொத்தம் 13.2 லட்சம். 2025-26க்கான புதிய வரி முறையில் செஸ் சேர்த்து வரி 81,120 ரூபாய். இதே விற்பனை முழுவதும் வங்கி வழியே வந்திருந்தால் லாபம் 10.8 லட்சம்தான். 12 லட்சத்துக்குள் அடங்குவதால் வரியே இல்லை. ஆகவே முதலில் பணம் வரும் வழியை மாற்றுங்கள்.

அழுகலும் விலைச்சரிவும் போக உண்மை லாபம் 5 லட்சம்தான் என்றால்? கணக்கு எழுதினால் வரி இல்லை. ஆனால் ரொக்கம் அதிகமுள்ள, ஒரு கோடியைத் தாண்டிய விற்பனைக்குத் தணிக்கை கட்டாயம். தணிக்கைக் கட்டணம் 81,120 ரூபாயைவிடக் குறைவாக இருந்தால் முழுக் கணக்கே மேல். ஒன்று கவனியுங்கள்: உத்தேச முறையில் சேர்ந்து ஐந்து ஆண்டுக்குள் விலகினால், அடுத்த ஐந்து ஆண்டுகள் அதற்குத் திரும்ப முடியாது.

கமிஷன் மண்டிக்காரர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அரியலூரில் தனியாகத் தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞருக்கு 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதி லாபம். செலவு பாதியைத் தாண்டினால் அவர்களும் கணக்கு எழுதுவதே நல்லது.