ஒருவருக்கு ஜெர்மனியில் வேலை: உடன் செல்பவர் எப்போது தேடத் தொடங்க வேண்டும்?

மனைவிக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைக்கிறது. சென்னையில் கணக்குத் துறையில் இருக்கும் கணவர் வேலையை விட்டுவிட்டு உடன் செல்ல வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் இதை இரண்டு கட்டமாகப் பார்க்கின்றன: முதலில் ஒருவர் வேலையில் சேரட்டும், வீடு பிடித்துக் குடியேறுவோம், பிறகு மற்றவருக்குத் தேடலாம். இந்த வரிசைதான் பின்தொடர்பவரின் தொழில் வாழ்க்கையைக் கெடுக்கிறது. அவருக்கான தேடல், முதல் வேலையின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்திடும் முன்பே தொடங்க வேண்டும். அந்தத் தேடலின் பெரும்பகுதி விண்ணப்பம் அனுப்புவதல்ல. மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும் தயாரிப்பு. அதன் பல வேலைகளை இந்தியாவில் இருக்கும்போதுதான் எளிதாகச் செய்ய முடியும்.

முதல் படி: சட்டம், உரிமம், மொழி

மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். உடன் செல்பவர் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறதா? அவருடைய தொழிலுக்கு அந்த நாட்டின் உரிமம் தேவையா? அங்குள்ள மொழி தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியுமா? முதல் கேள்விக்கான பதில் நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூரில் 2021 மே முதல், சார்ந்து வருபவருக்கான அனுமதியில் இருப்பவர் பிறரிடம் வேலைக்குச் சேரத் தனக்கென ஒரு வேலை அனுமதி பெற்றாக வேண்டும். அமெரிக்காவில் ஹெச்-1பி விசாக்காரரின் துணை வேலை செய்ய, முதன்மை விசாக்காரரின் கிரீன் கார்டு மனு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். ஜெர்மனியில் நிலைமை இலகுவானது. ப்ளூ கார்டு பெற்றவரின் துணைக்குக் குடும்ப விசாவுக்கென ஜெர்மன் மொழிச் சான்று கேட்பதில்லை. வந்த பின் எந்த வேலையிலும் சேரலாம். ஆனால் வேலை செய்யும் உரிமை இருந்தாலே வேலை கிடைத்துவிடும் என்று இங்கேதான் பலர் தவறாக எண்ணுகிறார்கள்.

இரண்டாவது கேள்வியில் தொழில்கள் இரண்டாகப் பிரிகின்றன. மருத்துவர், செவிலியர், அரசுப் பள்ளி ஆசிரியர் போன்றோர் ஜெர்மன் அங்கீகாரம் பெறாமல் அந்தத் தொழிலைச் செய்ய முடியாது. மென்பொருள், கணக்கு, விற்பனை போன்றவற்றுக்கு அங்கீகாரம் கட்டாயமில்லை. உங்கள் தொழில் எந்தப் பக்கம் என்பதை anerkennung-in-deutschland.de என்ற அரசுத் தளத்தில் பார்க்கலாம். நம் எடுத்துக்காட்டில் உள்ள கணவர் கணக்காளர் என்பதால் உரிமத் தடை இல்லை. மூன்றாவது கேள்விதான் அவரைத் தடுக்கும். ஜெர்மன் நிறுவனங்களின் கணக்கு அந்நாட்டு வணிகச் சட்டப்படி எழுதப்படுகிறது. வரி அலுவலகக் கடிதங்களும் ரசீதுகளும் ஜெர்மனில்தான் இருக்கும். எனவே அவருக்கு ஏற்ற இலக்கு உள்ளூர் வரி ஆலோசகரின் அலுவலகமல்ல. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தின் எஸ்ஏபி நிதிப் பிரிவோ குழுமக் கணக்குப் பிரிவோ அவருக்குப் பொருந்தும். அங்கே அவருடைய இந்திய அனுபவம் நேரடியாக உதவும்.

இரண்டாம் படி: மொழிக்கான காலத்தைக் கணக்கிடுவது

ஜெர்மன் அரசு புதிதாக வருவோருக்கு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பில், பி1 நிலையை எட்ட 600 பாடவேளைகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு பாடவேளை 45 நிமிடம். மொத்தம் 450 மணி நேரம். வாரத்துக்கு 15 மணி நேரம் படித்தால் 30 வாரங்கள், அதாவது ஏறக்குறைய ஏழு மாதங்கள். பி1 அன்றாடப் பேச்சுக்குத்தான் போதும். அலுவலகக் கடிதப் போக்குவரத்துக்கு அதற்கு மேல் பி2 வேண்டும். ஸ்டுட்கார்ட் போய் இறங்கிய பிறகு முதல் எழுத்திலிருந்து தொடங்கினால், ஓராண்டு இடைவெளி விழுவதைத் தவிர்ப்பது கடினம். ஆஃபர் பேச்சு தொடங்கிய வாரமே வகுப்பில் சேர்ந்தால், அந்த ஓராண்டின் பாதி இந்தியாவில் சம்பளம் வாங்கிக்கொண்டே கழியும்.

மூன்றாம் படி: இரு தேதிகளைப் பொருத்துவது

ஜெர்மனியில் தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் இரு வாரம் முன்னறிவித்துப் பொதுவாக ஒருவரை வேலையிலிருந்து நீக்கலாம். மனைவி ஜனவரி 1 அன்று சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தகுதிகாண் காலம் ஜூன் 30 அன்று முடிகிறது. கணவரின் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அவர் மார்ச் இறுதியில் ராஜினாமா கொடுத்தால் ஜூன் இறுதியில் விடுபடுவார். பிப்ரவரியில் மனைவியின் வேலை போனாலும் வீட்டில் ஒரு சம்பளம் இருக்கும். ஆறு மாதம் பிரிந்திருப்பது கடினம்தானே என்பது நியாயமான மறுப்பு. சிறு குழந்தை இருந்தால் நானும் இந்தத் திட்டத்தைப் பரிந்துரைக்க மாட்டேன். அப்போது சேர்ந்தே சென்று, ஆறு மாதச் செலவுக்கான தொகையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த வழியானாலும், முதல் வேலையின் ஆபத்து எப்போது குறைகிறது என்பதைப் பார்த்து இரண்டாவது ராஜினாமாவின் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

அந்த மாதங்களில் ஆவண வேலையை முடித்துவிட வேண்டும். நம் ஊர் ரிலீவிங் லெட்டரில் பெரும்பாலும் பதவியும் தேதியும் மட்டுமே இருக்கும். ஜெர்மன் நிறுவனங்களோ என்னென்ன பொறுப்புகளை எப்படிச் செய்தார் என்று விவரிக்கும் சான்றை எதிர்பார்க்கின்றன. வேலையில் இருக்கும்போதே மேலாளரிடம் அப்படியொரு கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். விலகிய பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். பட்டத்தின் மதிப்பை அங்குள்ளோர் புரிந்துகொள்ள, ஜெர்மன் அரசின் வெளிநாட்டுக் கல்வி மையமான இசட்ஏபி தரும் ஒப்பீட்டுச் சான்றுக்கு இங்கிருந்தே விண்ணப்பிக்கலாம்.

நான்காம் படி: கையெழுத்துக்கு முன் கேட்பது

துணையைப் பற்றிப் பேசினால் ஆஃபரே போய்விடுமோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஜெர்மனியில் இந்தக் கேள்வி புதிதல்ல. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உட்படப் பல கல்வி நிறுவனங்கள், பணிக்கு வருவோரின் துணைக்கு வேலை தேடுவதில் வழிகாட்டவே தனி அலுவலகம் வைத்திருக்கின்றன. ஆனாலும் என்ன கேட்கிறோம் என்பது முக்கியம். துணைக்கு வேலை தாருங்கள் என்பது நிறுவனத்தால் நிறைவேற்ற முடியாத கோரிக்கை. மொழி வகுப்புக்கான கட்டணம், குடும்ப விசாவுக்கான உதவி, விண்ணப்பத்தை உள்ளூர் முறைப்படி சரிபார்த்துத் தர ஒரு ஆலோசகர் ஆகியவற்றைக் கேட்கலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. ஆஃபர் வந்த பிறகு, கையெழுத்துக்கு முன் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: போன பிறகு

இந்திய வேலையையே அங்கிருந்து இணையவழியில் தொடரலாமே என்று சிலர் கேட்கலாம். நிறுவனத்திடம் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது. ஜெர்மனியில் வசிப்பவருக்கு அங்கே வருமான வரியும் சமூகக் காப்பீட்டுக் கடமையும் எழும்; அந்தச் சுமையை ஏற்க இந்திய நிறுவனங்கள் பொதுவாக முன்வருவதில்லை. ஒரு சில மாதப் பாலமாக அது உதவினாலும் உள்ளூர் அனுபவத்தைத் தராது.

வரி வகுப்பையும் கவனியுங்கள். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது அவருக்கு மூன்றாம் வகுப்பையும் மற்றவருக்கு ஐந்தாம் வகுப்பையும் எடுத்தால் மாதச் சம்பளம் கூடுதலாகக் கைக்கு வரும். கணவர் வேலையில் சேர்ந்த பிறகும் ஐந்திலேயே இருந்தால் அவர் கைக்கு வரும் தொகை சுருங்கும். ஆண்டு முடிவில் வரி சரிசெய்யப்பட்டாலும், வேலையிழப்புக் கால உதவித்தொகை கைக்கு வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுவதால் அங்கே இழப்பு ஏற்படும். எனவே அவர் சேர்ந்ததும் இருவரும் நான்காம் வகுப்புக்கு மாறுவதைப் பரிசீலிக்கலாம்.

அங்கே போய்ச் சேர்ந்த ஆறாம் மாதத்தில் ஒரு கணக்கெடுப்பு செய்யுங்கள். நேர்காணல் அழைப்பே வராவிட்டால் விண்ணப்பமோ குறிவைத்த வேலையோ பொருந்தவில்லை. அழைப்பு வந்து இரண்டாம் சுற்றில் நின்றுவிட்டால் பெரும்பாலும் மொழிதான் தடை. இரண்டுக்கும் தீர்வு வேறு. அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஆலோசனை இலவசம்; இந்தக் கட்டத்தில் அங்கே செல்லுங்கள். பட்டத்துக்குப் பொருந்தும் வேலையும் உரிய சம்பளமும் கிடைத்துவிட்டால், கணவர் தன் பெயரில் தனி ப்ளூ கார்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அதன் பின் மனைவியின் வேலை போனாலும் அவருடைய வசிப்புரிமை மனைவியின் அனுமதியைச் சார்ந்து இருக்காது.