ஆள் தேவை விளம்பரத்தில் வேலையை உள்ளபடி எழுத...

"கணக்குத் துறை முழுவதையும் நிர்வகிக்க வேண்டும். எம்.காம்., 5 ஆண்டு அனுபவம் அவசியம்." ஒரு ஜவுளிக்கடை எழுதிவைத்த விளம்பரம் இது. ஆனால் அங்கே கணக்குத் துறை என்பதே ஒரு மேசையும் ஒரு கம்ப்யூட்டரும்தான்.

இப்படி எழுதுமுன், இப்போது அந்த வேலையைப் பார்ப்பவரிடம் ஒரு வாரம் செய்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். அதிக நேரம் பிடிப்பது முதலில் வரட்டும். அந்தக் கடைக்கு அது இப்படி அமைந்தது: "தினமும் சுமார் 40 பில்களை டேலியில் பதிய வேண்டும். இரவு கல்லாப் பணத்தைச் சரிபார்க்க வேண்டும். மாதந்தோறும் 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 கெடுவுக்கு முன்பே விற்பனை விவரத்தை ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும்."

பிறகு ஒவ்வொரு தகுதியையும் எடுத்து, 'இது எந்த வேலைக்கு?' என்று கேளுங்கள். வரித் தாக்கலை ஆடிட்டரே செய்வதால் எம்.காம். தேவைப்படவில்லை. டேலியில் ஓராண்டு பழக்கம் போதும். முதல் மாதத்தில் கற்றுக்கொள்ளக் கூடியதை 'அவசியம்' என்று போடாதீர்கள். தகுதியான பலர் அதைப் பார்த்தே ஒதுங்கிவிடுவார்கள்.

'இதர பணிகள்' என்ற வரியை அடித்துவிடுங்கள். தீபாவளி சமயத்தில் இரவு 10 மணி வரை இருக்க வேண்டுமானால், அதையும் சம்பளத்தையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.