"ஏன்?" என்ற கேள்விக்குத் தயாராகுதல்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் செயல்திட்டத்தை முடித்ததும் வாய்மொழித் தேர்வை எதிர்கொள்வர். கருவி நன்றாக இயங்குவதைப் பார்த்தவுடன் தேர்வாளர்கள் திருப்தி அடைவதில்லை. அதை ஏன் அவ்வாறு வடிவமைத்தார்கள் என்பதையே அவர்கள் துருவிக் கேட்பர்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு, செடிக்குத் தானாகவே நீர் ஊற்றும் கருவியைச் செய்த ஒரு மாணவியின் தயாரிப்பு. அவருடைய கருவியில் ஓர் உணர்கருவி மண்ணின் ஈரத்தை அளக்கிறது. ஈரம் குறைந்தால் ஒரு சிறிய மோட்டார் நீரை இறைக்கிறது. தேர்வுக்கு முன்பு அவர் ஒரு தாளில் கருவியின் பாகங்களைக் கட்டங்களாக வரைகிறார். ஒவ்வொரு கட்டத்தின் அருகிலும், "ஏன் இது? ஏன் வேறொன்று இல்லை?" என்று எழுதிப் பதில் தேடுகிறார்.

முதல் கட்டம் உணர்கருவி. மலிவான ஒரு வகையில், இரண்டு உலோக முனைகளுக்கு இடையே ஈர மண் வழியாக மின்சாரம் பாயும். நாளடைவில் அந்த முனைகள் அரித்துப்போவதால் அளவீடு தவறிவிடும். மாணவி தேர்ந்தெடுத்த வகையில் உலோகம் மண்ணில் படாதபடி மூடப்பட்டிருக்கிறது. ஆகவே, விலை சற்று அதிகமானாலும் அது நீடித்து உழைக்கும். "இதுதான் சிறந்தது" என்று மட்டும் சொல்வதைவிட, கைவிட்ட வழியையும் அதன் குறையையும் சொல்லும் பதிலே வலுவானது.

அடுத்தது நிரல். ஈரம் 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மோட்டார் இயங்கும். 60 விழுக்காட்டை எட்டினால் நிற்கும். "ஓர் எல்லை போதாதா?" என்று தேர்வாளர் கேட்கக்கூடும். உணர்கருவியின் அளவீடு எப்போதும் சற்றே ஏறி இறங்கும். எல்லை ஒன்றே என்றால், அதன் அருகில் மோட்டார் அடிக்கடி இயங்கி இயங்கி நிற்கும். இரண்டு எல்லைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

விடை எங்கே பலவீனமாக இருக்கிறது என்பதைத் தோழியின் உதவியால் கண்டறியலாம். தோழி ஒவ்வொரு பதிலுக்கும் மீண்டும் "ஏன்?" என்று கேட்கிறார். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள்" என்ற பதில் வந்தால், அந்தக் கட்டத்தை மாணவி மீண்டும் படிக்க வேண்டும்.

சில கேள்விகள் கருவியின் குறையைத் தொடும். "பெரிய தோட்டத்துக்கு இது பொருந்துமா?" என்று கேட்டால், மாணவி மழுப்புவதில்லை. "ஒரு தொட்டியில் மட்டுமே சோதித்தேன். தோட்டத்தில் மண்ணின் ஈரம் இடத்திற்கு இடம் மாறும். எனவே, பல இடங்களில் உணர்கருவிகளைப் பொருத்திச் சோதிக்க வேண்டும்," என்கிறார். சோதித்தது எதுவரை என்று தெளிவாக அறிந்திருப்பதால் அவர் குரலில் தடுமாற்றம் இல்லை.