பாதியில் விலகினால் பந்தயப் பணம் யாருக்கு?

கேள்வி: டென்னிஸ் வீரர் காயத்தால் பாதியில் விலகினால், எதிராளி மேல் கட்டிய பணம் ஜெயித்ததாகுமா?

பதில்: பந்தய நிறுவனத்தின் விதியைப் பொறுத்தது. 2025 ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் ஜோகோவிச் முதல் செட்டை ஸ்வெரெவிடம் 6-7 என இழந்ததும் விலகினார். ஒரு செட் முடிந்தாலே போதும் என்ற விதியுள்ள இடத்தில், ஸ்வெரெவ் மேல் கட்டியவருக்குப் பணம் கிடைக்கும். ஆட்டம் முழுதாக முடிய வேண்டும் என்ற இடத்தில் பந்தயம் ரத்து. கட்டிய தொகை மட்டும் திரும்பும். முதல் செட் யாருக்கு என்ற பந்தயம் பொதுவாக இரண்டிலும் செல்லும், அது களத்திலேயே முடிவாகிவிட்டதே! மொத்தம் 38.5 கேமுக்கு மேலா, கீழா என்பது 13 கேமோடு நின்றதால் பெரும்பாலும் ரத்துதான்.

வாக்ஓவர் வேறு: அதில் ஒரு பந்துகூட ஆடப்படுவதில்லை. 2022 விம்பிள்டன் அரையிறுதிக்கு முன்பே நடால் விலக, கிர்ரியோஸ் இறுதிக்குப் போனார். அத்தகைய ஆட்டத்தின் மீதான பந்தயங்கள் வழக்கமாக ரத்தாகும். கட்டுமுன் விலகல் விதியைப் படித்துவிடுங்கள்.