டைட்டிலை டிவி வெட்டுகிறதா?

நண்பர் ஒருவர், தான் எடிட் செய்த 3 நிமிட புதுமனை புகுவிழா வீடியோவைச் சரிபார்க்கத் தந்தார். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. பென் டிரைவில் ஏற்றி டிவியில் ஓட்டினேன். திரையின் கீழே வரும் "சண்முகம், பெரிய மாமா" என்ற வரியில் "மு"வின் அடிப்பகுதியைக் காணோம்! சில டிவிக்கள் படத்தைச் சற்றே பெரிதாக்கி, ஓரங்களை வெட்டிவிடும்.

1920 x 1080 அளவுள்ள வீடியோ என்றால் இடமும் வலமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டு, அதற்குள் எழுத்தை அமையுங்கள். தமிழில் கீழே இறங்கும் சுழியிலிருந்து அளக்க வேண்டும். பலரும் இதைக் கவனிப்பதில்லை.

அடுத்து எழுத்தின் அளவு. பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். "ண"வா, "ன"வா என்றே புரியவில்லை. 32 பிக்சல் எழுத்தை 54 ஆக்கியதும் தெளிவாகிவிட்டது.

பெயர் 2 விநாடிதான் நின்றது. அதிலும் மெல்லத் தோன்ற அரை விநாடி, மறைய அரை விநாடி, மிச்சம் ஒன்றே. வரியை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்தேன். 4 விநாடி ஆனது. தோன்றி மறைய ஒன்றைச் சேர்த்து, 5 விநாடி வைத்தேன். மாமாவைத் தெரிந்த நீங்களே படித்துப் பார்க்காதீர்கள், தெரியாதவரிடம் காட்டுங்கள்.