வீட்டில் தயாரிக்கும் கேக்கிற்கு நிலையான பெயரும் தோற்றமும்

வீட்டுச் சமையலறையில் கேக் தயாரித்து விற்பவர்கள் ஸ்காபரோவில் பலர் உள்ளனர். அவர்களது பெயர் பெரும்பாலும் வாய்மொழியாகவே பரவுகிறது. ஒருவரின் பிறந்தநாள் கேக்கைப் பார்த்த விருந்தினர் அதே போன்ற இன்னொன்றைக் கேட்கும்போது, அதே கேக்கை மீண்டும் தர இயலுமா என்பதே முதற் கேள்வி.

தோற்றத்தை எழுதி வைத்தல்

இளஞ்சிவப்புப் பட்டர் ஐசிங் பூசிய கேக்கை எடுத்துக்கொள்வோம். 500 கிராம் பட்டருக்கு 1 கிலோ ஐசிங் சீனி என்பது ஓர் அளவு. நிறத்தைத் துளிக்கணக்கில் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் மாறுபடும். ஒரு துளியின் பருமன் நிலையானதன்று. ஆகவே 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசில் நிறக்கூழை நிறுத்து எழுதிக்கொள்ள வேண்டும். இவ்வளவுக்கு 2 கிராம் சேர்த்தால், பாதி அளவு ஐசிங்கிற்கு 1 கிராம் போதும். கலந்த ஐசிங்கின் நிறம் சில மணி நேரத்தில் மேலும் அடர்ந்துவிடும். எனவே கலந்த உடனே பார்த்து மேலும் சேர்க்காமல், மறுநாள் காலை பகல் வெளிச்சத்தில் முன்னைய புகைப்படத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. இரு அடுக்குகளும் ஒரே உயரத்தில் அமைய, மாக்கலவையையும் தட்டுக்குத் தட்டு நிறுத்தே ஊற்ற வேண்டும். பெட்டி, அடித்தட்டு, நாடா ஆகியவற்றின் அளவும் அதே ஏட்டில் இடம்பெற வேண்டும்.

பெயரைப் பதிவு செய்தல்

தமது சொந்தப் பெயரன்றி வேறு பெயரில் தொழில் நடத்துபவர் அப்பெயரை ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் பதிவு செய்தல் வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். பதிவு செய்யாதவர், பணம் தராத வாடிக்கையாளர்மீது அத்தொழில் தொடர்பாக வழக்குத் தொடர நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறவேண்டியிருக்கும். எனினும், இப்பதிவு அப்பெயர்மீது தனியுரிமை எதனையும் அளிப்பதில்லை. வேறொருவரும் அதே பெயரைப் பதியக்கூடும். தனியுரிமை வேண்டுவோர் கனடிய அறிவுசார் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிய விண்ணப்பிக்கலாம். அப்பதிவு 10 ஆண்டுகளுக்கானது. லேபல் அச்சிடும் முன்னரே இரு பதிவேடுகளிலும் பெயரைத் தேடிப் பார்த்தல் வீண்செலவைத் தவிர்க்கும்.

சமையலறையின் எல்லை

ஒன்ராறியோவின் உணவு ஒழுங்குவிதி 493/17, குறைந்த ஆபத்துள்ள உணவை வீட்டில் தயாரிப்பவர்களுக்குச் சில விலக்குகளை அளிக்கிறது. குளிரூட்டத் தேவையற்ற லவ் கேக், பட்டர் கேக் போன்றவை இவ்வகையைச் சாரும். புதிய கிரீம், கஸ்டர்ட் ஆகியவற்றை நிரப்பிய கேக் அவ்வகையில் அடங்காது. ஆகவே, பெயரோடு இணையும் முதல் கேக் குளிரூட்டத் தேவையற்றதாக இருப்பது எளிது. விற்பனையைத் தொடங்கும் முன் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவித்தல் வேண்டும். 311 என்ற இலக்கத்தை அழைத்து விபரம் பெறலாம்.