சின்னம்மை வந்தவருக்கு அக்கி ஏன் வருகிறது?

சின்னம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுமுறை வருவது அரிது. ஆயினும், அதே வைரஸ் ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அக்கியாக வெளிப்படுவதை எங்கள் பிரிவில் தொடர்ந்து காண்கிறோம். எதிர்ப்புச் சக்தி இருந்தும் இது எவ்வாறு நேர்கிறது என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பே.

சின்னம்மை ஆறிய பிறகும் அந்த வைரஸ் உடலை விட்டு நீங்குவதில்லை. முதுகுத்தண்டின் இருபுறமும் உள்ள நரம்பு முடிச்சுகளில் அது உறங்கிக் கிடக்கிறது. அதைக் காவல் செய்பவை இரத்த வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள். ஆன்டிபாடியை உருவாக்க இயலாத பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கும் சின்னம்மை பெரும்பாலும் இயல்பாகவே வந்து குணமாகிறது; டி செல்கள் குறைந்தவர்களிடமே அது கடுமையாகிறது. இந்த வைரஸைப் பொறுத்தவரை முதன்மையான காவல் யாருடையது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

நோய்த்தொற்றின்போது அவ்வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் பெருமளவில் பெருகுகின்றன. தொற்று அடங்கியதும் அவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மடிந்துவிடும். எஞ்சிய சிறு பங்கே நினைவுச் செல்கள். அவற்றை இரு வகையாகப் பிரிக்கிறோம். செயல் நினைவுச் செல்கள் இரத்தத்திலும் திசுக்களிலும் சுற்றி வருகின்றன. பகையைக் கண்டால் சில மணி நேரத்தில் தாக்குகின்றன, ஆனால் பெருகும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. மைய நினைவுச் செல்கள் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் இரத்தத்துக்கும் இடையே உலவுகின்றன. அவை உடனே தாக்குவதில்லை. செய்தி எட்டியதும் சில நாட்களில் பன்மடங்காகப் பெருகிப் புதிய படையை அனுப்புகின்றன. நீண்ட காலப் பாதுகாப்பு பெரிதும் இவற்றையே சார்ந்தது. பெரியம்மைத் தடுப்பூசி பெற்றவர்களை ஆராய்ந்தபோது, டி செல் நினைவு பாதியாகக் குறைய 8 முதல் 15 ஆண்டுகள் ஆவது தெரியவந்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 64 வயதுப் பெண்மணி ஒருவர்; ஒன்பது வயதில் சின்னம்மை வந்தது; மூட்டுவாதத்துக்காக நாள்தோறும் பிரெட்னிசோலோன் உட்கொள்கிறார். வயதும் மருந்தும் சேர்ந்து அவருடைய நினைவுச் செல்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் குறைத்துவிட்டன. திங்களன்று வலது விலாவில் எரிச்சல் தொடங்குகிறது; வாயுப் பிடிப்பு என்று நினைக்கிறார். நரம்பு முடிச்சில் விழித்த வைரஸைத் தடுக்க அங்குள்ள செயல் நினைவுச் செல்கள் போதவில்லை என்பதே உண்மை. வைரஸ் அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு இறங்குகிறது. புதனன்று முதுகிலிருந்து மார்பு வரை, வலப்புறம் மட்டும், பட்டை போலச் சிவந்து கொப்புளங்கள் எழுகின்றன. இதற்குள் மைய நினைவுச் செல்கள் பெருகத் தொடங்கிவிட்டன. பெரும்பாலோரிடம் கொப்புளம் அந்தப் பட்டையைத் தாண்டாமல், 7 முதல் 10 நாட்களில் பொருக்குத் தட்டுவது அவற்றின் துணையால்தான்.

அந்தப் படை வந்து சேரும்வரை வைரஸைக் கட்டுப்படுத்தவே அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர் போன்ற மருந்துகளைத் தருகிறோம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பயன் மிகுதி. அக்கி எழுதுவதாகக் காவி பூசிக்கொண்டு மூன்று நாட்களைக் கடத்திவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எங்களுக்கு வருத்தம் மேலிடுகிறது. காவி பூசியதும் ஆறியது போலத் தோன்றுவது, அக்கி பொதுவாகத் தானே ஆறும் நோய் என்பதால். ஆனால் நரம்பு சேதமுற்றால், தோல் ஆறிய பின்னும் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். நெற்றியிலோ மூக்கின் நுனியிலோ கொப்புளம் கண்டால் பார்வைக்கே ஆபத்து நேரலாம். அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரத்தத்தில் ஆன்டிபாடியை அளந்து, அக்கி வருமா என்று சொல்லும்படி சிலர் எங்களிடம் கேட்கின்றனர். அந்த அளவு முதுமையிலும் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது டி செல் நினைவு. எனவே அப்பரிசோதனையால் பயனில்லை. அக்கிக்கான தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. அதன் ஒரு புரதமும், டி செல்களைத் தூண்டும் துணைப்பொருளும் உள்ளன. 2 முதல் 6 மாத இடைவெளியில் இரு தவணையாகப் போடப்படும் இது, 50 வயதைக் கடந்தோரிடம் பத்தில் ஒன்பது பங்கு அக்கியைத் தடுத்ததாக ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்த டி செல்கள் ஊசிக்கு முந்தைய அளவைவிட மிகுதியாகவே இருந்தன. நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்தைத் தொடங்கவிருப்பவர்கள் அதற்கு முன்பே இதுபற்றித் தம் மருத்துவரிடம் பேசுவது நல்லது. மருந்து தொடங்கிய பின் போட்டால் நினைவுச் செல்கள் குறைவாகவே உருவாகக்கூடும். ஏற்கெனவே ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள் ஊசிக்காக அதைத் தாமாக நிறுத்தலாகாது.